மூன்றரை வருடமாக தினம் பத்து நிமிடம் ஐபிஓ பார்த்ததில் கிடைத்தது

ஐபிஓ என்றால் ஒரு கம்பெனி முதல்முறையாகப் பொதுமக்களுக்குப் பங்கு விற்பது. எங்கள் வீட்டில் பங்குகளை வைக்கும் டீமேட் கணக்கு திறந்ததே 2022 மே மாதம் எல்ஐசி ஐபிஓவுக்காகத்தான். அப்போது விண்ணப்பம் போட்டதோடு சரி, எதையும் கவனிக்கவில்லை. அடுத்த வருடம் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, தினம் சாயங்காலம் பத்து நிமிடம் என்று ஆரம்பித்தேன். இன்று வரை தொடர்கிறது. எது பயன்பட்டது, எதைக் கைவிட்டேன் என்பதை எழுதுகிறேன்.

சாதாரண நாட்களில் வேலை ரொம்பக் குறைவு. என்எஸ்இ, பிஎஸ்இ இரண்டின் தளத்திலும் வரப்போகும் வெளியீடுகளின் பக்கம் இருக்கிறது. புதிதாக ஏதாவது வந்திருந்தால் ஆறு விஷயம் நோட்டில் ஏறும்: திறக்கும் நாள், மூடும் நாள், விலை வரம்பு, ஒரு லாட்டில் எத்தனை பங்கு, திரட்டும் பணத்தில் எவ்வளவு கம்பெனிக்குப் போகிறது எவ்வளவு பழைய பங்குதாரர் பைக்குப் போகிறது, நம்மைப் போன்ற சிறு முதலீட்டாளர்கள் அடங்கிய ரீடெயில் பிரிவுக்கு எத்தனை சதவீதம். கடைசி விஷயத்தைப் பலர் பார்ப்பதில்லை. லாபக் கணக்கு உள்ள கம்பெனி என்றால் பொதுவாக 35 சதவீதம் நமக்கு. அந்தத் தகுதி இல்லாமல் வருகிற கம்பெனி என்றால் 10 சதவீதம்தான். முதல் நாளே ரீடெயில் நிரம்பிவிட்டது என்று செய்தி வந்தால், முதலில் நிரம்பியது பெரிய அண்டாவா சின்ன டம்ளரா என்று பார்க்க வேண்டும்.

பத்து நிமிடத்துக்கு உண்மையான மதிப்பு வருவது வெளியீடு திறந்திருக்கும் மூன்று நாட்களில்தான், அதிலும் மூன்றாம் நாளில். முதல் இரண்டு நாள் எண்களை வைத்து முடிவெடுத்து நான் ஏமாந்ததுதான் அதிகம். காரணம் எளிது. பெரிய நிறுவனங்களும் ஃபண்டுகளும் அடங்கிய க்யூஐபி பிரிவில் இருப்பவர்கள் ஒருமுறை கேட்டுவிட்டால் குறைக்கவோ வாபஸ் வாங்கவோ முடியாது. அதனால் கடைசி நாள் மதியம் வரை காத்திருக்கிறார்கள். பெரும் பணக்காரர்கள் பிரிவான என்ஐஐக்கும் இதே விதிதான். நமக்கு மட்டும்தான் மூடும் வரை மாற்றவும் ரத்து செய்யவும் அனுமதி இருக்கிறது.

இதற்கு என் நோட்டில் உள்ள நல்ல உதாரணம் ஹூண்டாய் மோட்டார் இந்தியா. 2024 அக்டோபர் 15 முதல் 17 வரை, 1,865 முதல் 1,960 ரூபாய் விலை வரம்பில், ஏறக்குறைய 27,870 கோடிக்கு வந்தது. அத்தனையும் தாய்க் கம்பெனி தன் பங்கை விற்றது, இந்தியக் கம்பெனிக்கு ஒரு ரூபாய் கூடப் போகவில்லை. இரண்டாம் நாள் முடிவில், விற்பனைக்கு வைத்த பங்குகளில் மொத்தமாக 0.42 மடங்குதான் கேட்டிருந்தார்கள். மூன்றாம் நாள் முடிவில் அது 2.37 மடங்கு. அன்று இரவு தலைப்புச் செய்தி, இரண்டு மடங்குக்கு மேல் விற்றுவிட்டது என்றுதான் வந்தது. பிரித்துப் பார்த்தால் கதை வேறு. க்யூஐபி ஏழு மடங்குக்கு நெருக்கம், என்ஐஐ 0.60, ரீடெயில் 0.50. அதாவது ரீடெயிலுக்கு ஒதுக்கியதில் பாதிதான் கேட்கப்பட்டது. கேட்டவர்களுக்குக் கேட்டதெல்லாம் கிடைத்திருக்கும். குலுக்கலே இல்லை. 22-ஆம் தேதி என்எஸ்இயில் 1,934க்குத் தொடங்கி, வெளியீட்டு விலையிலிருந்து சுமார் ஏழு சதவீதம் இறங்கி முடிந்தது.

அதற்கு ஒரு மாதம் முன்பு பஜாஜ் ஹவுசிங் ஃபைனான்ஸ். 70 ரூபாய் விலை, 214 பங்குகள் ஒரு லாட், 14,980 ரூபாய். மொத்தமாக அறுபது மடங்குக்கு மேல் கேட்டார்கள். 150 ரூபாயில் லிஸ்ட் ஆகி, அதாவது சந்தையில் வர்த்தகத்துக்கு வந்து, அன்றே 165க்குப் பக்கத்தில் முடிந்தது. இரண்டையும் அடுத்தடுத்த பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. லாட் சுலபமாகக் கிடைக்கும்போது நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் மற்றவர்கள் வேண்டாம் என்றது. எல்லோரும் கேட்கும்போது நமக்குக் கிடைப்பதில்லை. என் சொந்தக் கணக்கும் இதைத்தான் காட்டுகிறது: இதுவரை 38 விண்ணப்பம், பங்கு கிடைத்து அலாட்மென்ட் ஆனது 7. அதில் மூன்று, ரீடெயில் ஒரு மடங்கு கூடத் தொடாதவை.

அடுத்தது, மடங்கு என்ற எண்ணை எப்படிப் படிப்பது என்பது. பக்கத்துக் கடைக்காரர் அடிக்கடி கேட்பார், "அண்ணே, பதினஞ்சு மடங்கு போயிருக்கு, அப்ப பதினஞ்சு பேருல ஒருத்தருக்குத்தானே?" இல்லை. ஒரு கற்பனைக் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். ரீடெயிலுக்கு 35 லட்சம் பங்குகள், ஒரு லாட்டுக்கு 50 பங்குகள். ஆக 70,000 லாட். விண்ணப்பித்தவர்கள் 7 லட்சம் பேர், ஆனால் சிலர் இரண்டு, ஐந்து, பதின்மூன்று லாட் என்று போட்டதால் கேட்கப்பட்டது பத்தரை லட்சம் லாட். திரையில் 15 மடங்கு என்று வரும். ஆனால் அளவுக்கு மீறிக் கேட்கும்போது ரீடெயிலில் ஆளுக்கு ஒரு லாட்தான், அதுவும் குலுக்கலில். 70,000 லாட்டுக்கு 7 லட்சம் பேர், பத்தில் ஒருவருக்குக் கிடைக்கும். பதின்மூன்று லாட் போட்டவருக்கும் ஒரு லாட் போட்டவருக்கும் ஒரே வாய்ப்பு. அவர் இரண்டு லட்சத்துக்குப் பக்கமாக முடக்கி வைத்ததுதான் மிச்சம். அலாட்மென்ட் முடிந்ததும் செய்தித்தாளில் வரும் விளம்பரத்தில் எத்தனை விண்ணப்பம், எந்த விகிதம் என்று முழுக்கணக்கும் இருக்கும். என் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன், பெரும்பாலும் பக்கத்தில் வரும். செல்லாத விண்ணப்பங்கள் கழிந்துவிடுவதால் நம் வாய்ப்பு நினைத்ததைவிடக் கொஞ்சம் கூடும்.

க்யூஐபி மடங்கையும் அப்படியே நம்பி மயங்கக் கூடாது. அவர்களுக்கு 50 சதவீதம் என்றால், அதில் 60 சதவீதம் வரை திறப்பதற்கு முந்தைய நாளே ஆங்கர் முதலீட்டாளர்கள் என்று முன்கூட்டியே வாங்கும் பெரிய நிறுவனங்களுக்குப் போய்விடலாம். மிச்சம் மொத்த வெளியீட்டில் ஐந்தில் ஒரு பங்குதான். அதை வைத்துக் கணக்கிட்டதுதான் நூறு மடங்கு, இருநூறு மடங்கு என்று வருகிற எண். நான் பார்ப்பது வேறு: கடைசி நாள் மூன்று மணிக்கு க்யூஐபி ஒரு மடங்காவது ஆகியிருக்கிறதா? ஆகவில்லை என்றால் எனக்கு உடனே மனம் இறங்கிவிடும்.

ஆரம்பத்தில் செய்த ஒரு தவறையும் சொல்லிவிடுகிறேன். பல மாதம் ஒரு எக்ஸ்சேஞ்சில் வந்த கேட்பை மட்டும் பார்த்து, கூட்டம் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டையும் சேர்த்த மொத்தக் கணக்கு என்று தனியாக ஒன்று இருக்கிறது. அதைத்தான் பார்க்க வேண்டும்.

இப்போது நேரக் கணக்கு. கடைசி நாளில் க்யூஐபிக்கும் என்ஐஐக்கும் நாலு மணியோடு முடிகிறது, ரீடெயிலுக்கு ஐந்து மணி. நாலு மணிக்குப் பெரியவர்கள் செய்ததைப் பார்த்துவிட்டு நாம் முடிவெடுக்கலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. 2023இல் ஒருநாள் 4.10க்கு விண்ணப்பம் போட்டேன். பணத்தை முடக்க நம் அனுமதி கேட்கும் யுபிஐ மாண்டேட் அறிவிப்பு வரவே இல்லை. வங்கியின் செயலியைத் திறந்து மூடி, போனை அணைத்துப் போட்டு, எல்லாம் செய்தேன். அறிவிப்பு வந்தபோது மணி 5.25. மாண்டேட்டுக்கு ஒப்புதல் தரும் கெடுவும் ஐந்து மணிதான். விண்ணப்பம் போச்சு. போதாததற்கு, பல புரோக்கர்கள் தங்கள் பக்கத்தை ஐந்துக்கு முன்பே மூடிவிடுகிறார்கள்.

அன்றிலிருந்து முறையைத் தலைகீழாக்கிவிட்டேன். பிடித்த வெளியீடு என்றால் இரண்டாம் நாளே, கடைசியில் முடிவாகும் விலைக்குச் சம்மதம் என்ற கட்-ஆஃப் விலையில் ஒரு லாட் போட்டு, மாண்டேட்டையும் ஒப்புக்கொண்டுவிடுவேன். பணம் நம் கணக்கிலேயே முடங்கி நிற்கும், போய்விடாது. மூன்றாம் நாள் மூன்று மணிக்கு எண்களைப் பார்ப்பேன். பிடிக்கவில்லை என்றால் ரத்து. தாமதமாகப் போடுவதில் உள்ள ஆபத்து ரத்து செய்வதில் இல்லை. மனைவி பெயரிலும் ஒன்று போடுகிறோம், ஆனால் அவர் பான், அவர் டீமேட், அவர் வங்கிக் கணக்கின் யுபிஐ. என் யுபிஐயில் அவருக்குப் போட்டால் தள்ளுபடி ஆகிவிடும்.

2023 டிசம்பர் முதல் மூடிய மூன்றாம் வேலைநாளில் லிஸ்டிங் கட்டாயம் ஆனது பெரிய நிம்மதி. முன்பு ஆறு நாள். இப்போது மூடிய மறுநாள் அலாட்மென்ட், அதற்கடுத்த நாள் பங்கு டீமேட்டில், கிடைக்காதவர்களுக்குப் பணம் விடுபடும். அலாட்மென்ட் நாளன்று, யாருக்குக் கிடைத்தது என்று காட்டும் ரெஜிஸ்ட்ரார் தளம் திணறும், இரவு பத்துக்கு மேல் பார்த்தால் போதும்.

லிஸ்டிங் நாளில் நான் முதலில் செய்த தப்பு ஒன்பது மணிக்கே திரை முன் உட்கார்ந்தது. ஒன்பதிலிருந்து ஆர்டர் வாங்குகிறார்கள், உத்தேச விலை ஓடிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் போட்ட ஆர்டரை மாற்றலாம், எடுக்கலாம் என்பதால் முதல் அரைமணி விலைக்கு அர்த்தம் குறைவு. 9.05க்கு ஒரு விலையைப் பார்த்து மனக்கோட்டை கட்டி, 9.40க்கு அது காணாமல் போனது எனக்கு இரண்டு முறை நடந்திருக்கிறது. ஆர்டர் வாங்குவதை 9.35க்கும் 9.45க்கும் இடையில் ஏதோ ஒரு நொடியில் நிறுத்துகிறார்கள். எந்த நொடி என்பது யாருக்கும் தெரியாது, கடைசி நிமிட விளையாட்டைத் தடுக்கத்தான் இது. பத்து மணிக்கு சாதாரண வர்த்தகம் தொடங்கும். ஆகவே 9.30க்குத்தான் பார்க்கிறேன். விற்பதாக இருந்தால் இதற்குக் கீழே தரமாட்டேன் என்ற விலையை முந்தைய இரவே நோட்டில் எழுதி, அந்த விலையில் லிமிட் ஆர்டர் போட்டுவிடுவேன். காலையில் யோசித்தால் பேராசை வரும், எனக்கு வரும்.

கைவிட்டவை இரண்டு. ஒன்று கிரே மார்க்கெட் பிரீமியம், அதாவது லிஸ்டிங்குக்கு முன்பே வெளியில் வெளியீட்டு விலைக்கு மேல் பேசப்படும் தொகை. ஒரு வருடம் அதற்குத் தனிப் பத்தி வைத்திருந்தேன். அது எந்த எக்ஸ்சேஞ்சும் வெளியிடாத எண், யார் எங்கே எவ்வளவுக்குப் பேசினார்கள் என்று சரிபார்க்க வழியில்லை. பெரும்பாலும் கேட்கப்படும் மடங்கு ஏறினால் அதுவும் ஏறியது, இறங்கினால் இறங்கியது. ஏற்கெனவே தெரிந்ததைத்தான் திரும்பச் சொன்னது. ஆனால் அதைப் பார்த்த நாட்களில் மட்டும் எனக்குக் கை பரபரத்தது.

இன்னொன்று எஸ்எம்இ எனப்படும் சிறு, நடுத்தரக் கம்பெனிகளின் வெளியீடுகள். 2024 ஜூலையில் முதல் நாள் தொடக்க விலைக்கு வெளியீட்டு விலையைவிட 90 சதவீதம் மட்டுமே அதிகம் என்று உச்சவரம்பு வந்தது. அதற்கடுத்த வருடம் குறைந்தபட்ச விண்ணப்பமே இரண்டு லாட், இரண்டு லட்சத்துக்கு மேல் என்று ஆகிவிட்டது. அவ்வளவு பணத்தை ஒரே இடத்தில் முடக்க எனக்கு வசதியும் இல்லை, தைரியமும் இல்லை. எண்ணிக்கையும் அவற்றில்தான் அதிகம், பத்து நிமிடம் அரைமணி ஆகிவிடும். நோட்டில் அவற்றுக்காக ஒதுக்கியிருந்த பின்பக்கங்களில் இப்போது மனைவி பால் கணக்கு எழுதுகிறார்.