இரண்டு வீட்டுக் கடன் கடிதங்கள்: 26 வெள்ளி வித்தியாசம்

பினாங்கு ஜெலுத்தோங்கில் ஒரு ஃபிளாட் வாங்க, என் மச்சானுக்கு இரண்டு வங்கிகள் கடன் தர முன்வந்தன. இரண்டிலும் 3 லட்சம் வெள்ளி, 30 வருடம். வட்டி, முதல் வங்கியில் எஸ்பிஆர் கூட்டல் 1.25 விழுக்காடு, இரண்டாவதில் எஸ்பிஆர் கூட்டல் 1.10. எஸ்பிஆர் என்பது பேங்க் நெகாரா நிர்ணயிக்கும் ஓபிஆர் என்ற கொள்கை வட்டி விகிதத்தோடு சேர்ந்தே ஏறி இறங்கும் அடிப்படை விகிதம். அதை 2.75 என்று வைத்துக் கணக்குப் போட்டால் மாதத் தவணை 1,432 வெள்ளி, 1,406 வெள்ளி. இரண்டாவதில் மாதம் 26 வெள்ளி மிச்சம்.

இரண்டாவது வங்கி 500 வெள்ளி பரிசீலனைக் கட்டணம் கேட்டது, முதல் வங்கி கேட்கவில்லை. அந்த 500 இருபது மாதத்தில் திரும்பிவிடும், எனவே அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கடன் பத்திரத்துக்கான 0.5 விழுக்காடு முத்திரை வரி, அதாவது 1,500 வெள்ளி, இரண்டுக்கும் பொது.

மிதக்கும் வட்டியிலும் இரண்டும் ஒன்றுதான். 2022 மே முதல் 2023 மே வரை ஓபிஆர் 1.75-லிருந்து 3.00 ஆனது. அப்படி இன்னொரு முறை 1.25 ஏறினால், முதல் கடனின் தவணை 1,432-லிருந்து ஏறக்குறைய 1,657 வெள்ளியாகும். இரண்டாவதும் கிட்டத்தட்ட அதே அளவு ஏறும். ஏறும்போது தவணை கூடுமா, அல்லது தவணை அப்படியே இருந்து கடன் காலம் நீளுமா என்பதை மட்டும் கடிதத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

உண்மையான வேறுபாடு அபராதப் பகுதியில் இருந்தது. தாமதக் கட்டணம் இரண்டிலும் பாக்கித் தொகைக்கு வருடம் 1 விழுக்காடு. 1,406 வெள்ளி ஒரு மாதம் தாமதமானால் ஒரு வெள்ளிச் சொச்சம்தான். அதைப் பார்த்துவிட்டு மச்சான் அடுத்த பத்தியைத் தாண்டிப் போய்விட்டார். நான் திரும்ப வாசிக்கச் சொன்னேன். இரண்டாவது கடிதத்தில், தொடர்ந்து இரண்டு தவணை தவறினால் 1.10 என்ற கூட்டல் 2.10 ஆகும் என்று இருந்தது. முதல் கடிதத்தில் அப்படி இல்லை.

பொதுவாக இந்தக் கூட்டல் விகிதத்தைக் கடன் காலம் முழுக்க வங்கி உயர்த்தக் கூடாது. கடன் வாங்கியவரின் அபாய நிலை மாறினால் மட்டும் விதிவிலக்கு. தவணை தவறுவதை அந்த விதிவிலக்குக்குள் கொண்டுவருகிறது இந்த வாசகம். ஒரு விழுக்காடு கூடினால், பாக்கிக் கடன் 3 லட்சத்துக்குப் பக்கத்தில் இருக்கும் முதல் வருடங்களில், ஆண்டுக்குச் சுமார் 3,000 வெள்ளி கூடுதல் வட்டி. ஆண்டுச் சேமிப்போ 312 வெள்ளி. பாக்கியைக் கட்டி முடித்தபின் பழைய விகிதம் திரும்புமா என்றும் அதில் எழுதவில்லை.

நிலையான சம்பளக்காரராக இருந்தால் இரண்டாவதையே எடுங்கள் என்பேன். மச்சான் இ-ஹெயிலிங் ஓட்டுபவர். கார் பட்டறைக்குப் போனால் இரண்டு மாதம் வருமானமே இருக்காது. அந்த வாசகத்தை நீக்கித் தரச் சொல்லி வங்கியில் கேட்டோம். "எல்லாருக்கும் இதுதான், மாற்ற முடியாது" என்றார் அதிகாரி. சரி என்று முதல் வங்கியிலேயே கையெழுத்துப் போட்டார்.