மூலமா, வெடிப்பா, கொலோனோஸ்கோபி பார்க்க வேண்டியதா?

தர்மபுரி பஸ் நிலையத்தைச் சுற்றி நடந்தால் ‘மூலம், பௌத்திரம், ஆபரேஷன் இல்லாமல்’ என்ற போர்டு கண்ணில் படாமல் போகாது. மோஷனோடு ரத்தம் வந்தால் நம் பக்கத்தில் முதலில் சொல்வது சூடு, அடுத்து மூலம். பெரும்பாலும் அது மூலமாகவோ வெடிப்பாகவோதான் இருக்கும். சிக்கல், மீதி சிலரை எப்படிப் பிரித்து எடுப்பது என்பதில்தான்.

மூலத்தையும் வெடிப்பையும் பிரிப்பது எளிது. வலியைக் கேட்டாலே பாதி தெரிந்துவிடும். உள்மூலம் இருக்கும் இடத்தில் வலி உணரும் நரம்பு இல்லை. அதனால் மலம் போனபின் பளிச்சென்ற சிவப்பு ரத்தம் பீங்கானில் சொட்டுச் சொட்டாக விழும், சில நேரம் பீய்ச்சியும் அடிக்கும், ஆனால் வலிக்காது. சிலருக்கு முக்கும்போது சதை வெளியே வந்து தானாக உள்ளே போகும்.

வெடிப்பு நேர் எதிர். இறுகிய மலம் ஆசனவாயின் தோலைக் கிழித்திருக்கும், பெரும்பாலும் பின்பக்க நடுவில். போகும்போது பிளேடால் கீறுவது போல இருக்கும், அதன்பின் ஒரு மணி, இரண்டு மணி நேரம்கூட எரியும். ரத்தம் கொஞ்சம்தான், மலத்தின் மேல் ஒரு கோடு, அல்லது கழுவும்போது கையில் லேசாக. வலிக்குப் பயந்து அடக்குவார்கள், மலம் இன்னும் இறுகும், மறுபடி கிழியும். உள்ளே இருக்கும் சுருக்குத் தசையும் இறுகிக்கொள்வதால் அங்கே ரத்த ஓட்டம் குறைந்து புண் ஆறாது. அதனால்தான் வெந்நீரில் 10, 15 நிமிடம் உட்காரச் சொல்வதும், தசையைத் தளர்த்தும் டில்டியாசெம் களிம்பை 6 முதல் 8 வாரம் தடவச் சொல்வதும். வலி குறைந்ததும் நான்கு நாளில் நிறுத்திவிட்டு, மருந்து வேலை செய்யவில்லை என்பவர்கள்தான் அதிகம். வெடிப்பு நடுவில் இல்லாமல் பக்கவாட்டில் இருந்தாலோ, பல இடத்தில் இருந்தாலோ மட்டும் காசநோய், குரோன்ஸ் என்ற குடல் அழற்சி நோய் போன்ற வேறு காரணம் தேட வேண்டும்.

மூன்றாவது வகைக்கு வருவோம்: பெருங்குடலைக் கேமராக் குழாயால் பார்க்கும் கொலோனோஸ்கோபி தேவைப்படுபவர்கள். ‘சிவப்பு என்றால் மூலம், கறுப்பு என்றால் ஆபத்து’ என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். அது பாதிதான் சரி. மலக்குடலில் வரும் புற்றுநோயும் கீழேயே இருப்பதால் அதன் ரத்தமும் சிவப்புதான், வலியும் பெரும்பாலும் இருக்காது. நிறமும் வலியும் மூலத்தையும் வெடிப்பையும் பிரிக்கும், புற்றுநோயை விலக்காது. அதற்கு ரத்தத்தோடு கூட என்ன வருகிறது என்று பார்க்க வேண்டும்.

உதாரணத்துக்கு, பாலக்கோடு தக்காளி மண்டியில் லோடு ஏற்றும் 48 வயதுக்காரர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வருடமாக அவ்வப்போது ரத்தம். மருந்துக்கடையில் “உள்மூலம்தாண்ணா, சூடு” என்று மாத்திரை கொடுத்தார்கள். டாக்டர் ஒருவர் குழாய் வைத்துப் பார்த்தபோதும் மூலம் உண்மையிலேயே இருந்தது. சரி, விஷயம் முடிந்தது என்றுதான் தோன்றும். ஆனால் முன்பு காலையில் ஒருமுறை போனவர் இரண்டு மாதமாக நான்கு, ஐந்து முறை போகிறார். போனாலும் முழுதாகப் போன திருப்தி இல்லை. சளி போல் சீதம், அதில் கலந்து ரத்தம். ஹீமோகுளோபின் 8.6. வெறும் மூலம் இத்தனை முறை போகத் தூண்டாது. சீதத்தில் கலந்து வரும் ரத்தமும் அதன் இயல்பில்லை. மூலத்தால் ரத்தசோகை வரலாம், ஆனால் நீண்ட நாள் நிறைய ஒழுகியிருக்க வேண்டும். அவ்வப்போது சொட்டியதற்கு 8.6 பொருந்தாது. மூலம் இருப்பதும் நிஜம், இன்னொன்று இருக்கக்கூடும் என்பதும் நிஜம். இவருக்கு கொலோனோஸ்கோபி தள்ளிப்போடக் கூடாது. இரும்புச்சத்து மாத்திரை மட்டும் கொடுத்து அனுப்புவது ஆபத்து: ஹீமோகுளோபின் ஏறும், மலம் கறுக்கும், காரணம் உள்ளேயே இருக்கும்.

இதே ரத்தம் ஓசூர் கம்பெனியில் ஷிஃப்ட் போகும் 26 வயதுப் பெண்ணுக்கு, மலச்சிக்கலுக்குப் பின், கீறும் வலியோடு வந்து, வெடிப்பு கண்ணுக்கே தெரிந்தால் உடனே கொலோனோஸ்கோபி தேவையில்லை. சிகிச்சைக்குப் பின்னும் ரத்தம் நிற்காவிட்டால், எடை குறைந்தால், பெற்றோர் அல்லது கூடப்பிறந்தவருக்குக் குடல் புற்றுநோய் இருந்தால் கணக்கு மாறும். 45 வயதைத் தாண்டியவருக்குப் புதிதாக ரத்தம் வந்தால் மூலம் தெரிந்தாலும் கொலோனோஸ்கோபி பார்த்துவிடுவதே என் பரிந்துரை. தார் போலக் கறுத்து, நாறும் மலம் என்றால் அது பெரும்பாலும் வயிற்றுப் பக்கத்துக் கசிவு. முதலில் வாய்வழி எண்டோஸ்கோபி. கட்டிகட்டியாக ரத்தமும் தலைசுற்றலும் இருந்தால் நேராக அவசரப் பிரிவு.

தர்மபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரிகளிலும் அறுவை சிகிச்சைப் புறநோயாளிப் பிரிவில் தொடங்கலாம். விரல் விட்டுப் பார்க்காமல் மூலம் என்று எழுதிக்கொடுத்தால் கேளுங்கள். வெடிப்பு வலி கடுமையாக இருந்தால் மட்டும் அதைச் சில நாள் தள்ளிவைப்பார்கள். கொலோனோஸ்கோபிக்குத் தேதி கிடைத்தால் இரண்டு மூன்று நாள் முன்பே ராகிக் களி, கீரை, கொய்யா நிறுத்த வேண்டும். தோலும் விதையும் குடலில் ஒட்டி மறைக்கும். இரும்பு மாத்திரையை ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் எதையும் நிறுத்த வேண்டாம். ரிப்போர்ட் வந்ததும் பெருங்குடலின் தொடக்கமான சீக்கம் வரை போனார்களா, குடல் சுத்தமாக இருந்ததா என்று பாருங்கள். இல்லையென்றால் ‘நார்மல்’ என்று எழுதியிருந்தாலும் திரும்பப் பார்க்க வேண்டுமா என்று கேட்க வேண்டும்.