ஆடிப்பெருக்குப் படம் சரியாக வருது, தைப்பூசப் படம் தப்பி வருது: ‘இதே நாளில்’ வசதியோடு சில வருஷங்கள்

‘இதே நாளில்’ என்று போன் தானாக எடுத்து நீட்டும் பழைய படங்களைப் பல வருஷமாக விடாமல் பார்த்து வருகிறேன். ஃபேஸ்புக்கில் இந்த வசதி 2015ல் வந்தது. இப்போது போட்டோ ஆப்களிலும் இருக்கிறது. படத்தோடு பதிவான தேதியின் நாளும் மாதமும் இன்றைக்கு ஒத்துப்போனால் அந்தப் படம் மேலே வரும். அது பார்ப்பது இங்கிலீஷ் தேதியை மட்டுந்தான்.

ஆடிப்பெருக்குக்கு இது அருமையாகப் பொருந்துகிறது. ஆடி 18 சூரியக் கணக்கு என்பதால் ஆகஸ்ட் 2 அல்லது 3ஐ விட்டு நகராது. பவானி கூடுதுறைக்குக் கிளம்பும் நேரத்தில் போன வருஷங்களின் முளைப்பாரிப் படங்கள் வந்து நிற்கும். அப்போது தண்ணீர் எந்தப் படி வரைக்கும் ஏறியிருந்தது என்று அங்கேயே வைத்து ஒப்பிடுவோம். பொங்கலும் ஜனவரி 14, 15ஐத் தாண்டாது.

பழனி பாதயாத்திரைப் படங்கள்தான் தப்பிப் போகின்றன. பூச நட்சத்திரம் நிலவின் ஓட்டத்தைப் பொறுத்தது. தைப்பூசம் 2019ல் ஜனவரி 21, 2020ல் பிப்ரவரி 8, 2022ல் ஜனவரி 18, 2025ல் பிப்ரவரி 11. அதனால் 2020ல் எடுத்த காவடிப் படம், 2022ல் பூசம் முடிந்து மூன்று வாரம் கழித்துத்தான் வந்தது. காலில் கொப்புளம் ஆறி, எல்லோரும் காட்டு வேலைக்குத் திரும்பிய பிறகு! நிலவின் கணக்கு ஏறக்குறைய 19 வருஷத்துக்கு ஒருமுறைதான் அதே தேதிக்குத் திரும்பும். 2019ஐப் போலவே 2000லும் தை மாதப் பௌர்ணமி ஜனவரி 21தான். 19 வருஷம் காத்திருக்க முடியாது என்று, ஒவ்வொரு நடைக்கும் ‘தைப்பூசம் 2020’ என்கிற மாதிரி தனி ஆல்பம் போட்டேன். ‘தைப்பூசம்’ என்று தேடினால் எல்லா வருஷமும் ஒன்றாக வரும். மாலை போடும் அன்றைக்கு வீட்டில் உட்கார்ந்து பார்க்கிறோம். “இந்தத் தடவையும் தாராபுரம் வழியே போயிரலாமுங்க மாமா” என்று பேச்சும் அங்கேதான் தொடங்கும்.

வாட்ஸ்அப்பில் வந்த படங்களில் இன்னொரு சிக்கல். எடுத்த தேதி அதில் தங்குவதில்லை. கோப்பின் பெயர் `IMG-20210614-WA0007.jpg` என்று இருந்தால், அது அனுப்பப்பட்ட நாள். அப்பாருவின் பழைய கல்யாணப் படத்தை யாராவது ஸ்கேன் செய்து அனுப்பினால், 2021ல் எடுத்ததாகவே வருஷா வருஷம் வரும். படத்தின் விவரப் பகுதியில் தேதியைத் திருத்திவிட வேண்டும். கல்யாணப் பத்திரிகை கையில் இருந்தால் சரியான நாளே கிடைத்துவிடும்.

அப்பாரு தவறிய பிறகு, ஒருவரின் படங்களே ‘இதே நாளில்’ வராதபடி மறைக்கும் வசதியை யோசித்தேன். அதைப் போட்டால் ஆத்தங்கரையில் அவர் சிரித்துக்கொண்டு நிற்கும் படங்களும் சேர்ந்து மறைந்துவிடும். ஆஸ்பத்திரியில் இருந்த அந்த நாட்களின் தேதிகளை மட்டும் மறைத்துவிட்டேன். ஆடி 18க்கு அவர் இன்னும் வருகிறார்.