ஆன்டிபயாடிக்குக்குப் பிறகு: கேப்சூலா, தயிரா, சும்மா இருப்பதா?

போன மாதம் அம்மாவுக்குச் சிறுநீர்த் தொற்று. டாக்டர் ஏழு நாளுக்கு சிப்ரோஃப்ளாக்சசின் எழுதினார். ஐந்தாம் நாள் வயிறு கலங்க ஆரம்பித்தது. மெடிக்கல் ஷாப்பில் சொன்னதும் புரோபயாட்டிக் கேப்சூல் அட்டை ஒன்றை எடுத்துக் கொடுத்தார்கள். அப்பா, “இதெல்லாம் வீண் செலவு, தயிர் போதும்” என்றார். மாடி வீட்டு அக்கா பழைய சோற்றுக்கு ஓட்டுப் போட்டார். நான் சும்மா விட்டுவிடலாம் என்ற கட்சி. யார் சொன்னது சரி என்று பார்க்க உட்கார்ந்ததில் வந்ததுதான் இந்த அலசல்.

முதலில், ஆன்டிபயாடிக் போட்டால் குடலில் எதை இழக்கிறோம் என்று தெரிய வேண்டும். சோறு, பருப்பு, எண்ணெயில் பெரும்பகுதியைச் சிறுகுடல் நம் சொந்த நொதிகளை வைத்தே முடித்துவிடுகிறது. நம்மால் செரிக்க முடியாத நார்ச்சத்து மட்டும் பெருங்குடலுக்கு இறங்குகிறது. அங்கே இருக்கும் பாக்டீரியாக்கள் அதைப் புளிக்க வைத்து அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்ற சிறிய கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. பெருங்குடல் சுவரின் செல்களுக்குப் பியூட்டிரேட்தான் முக்கிய எரிபொருள். அதை எரிக்கும்போது அந்த செல்கள் ஆக்சிஜனையும் இழுத்துக்கொள்கின்றன, அதனால் குடலின் உட்பகுதி காற்றில்லாத இடமாகவே இருக்கிறது. பியூட்டிரேட் செய்யும் ஃபீகலிபாக்டீரியம் போன்றவை கொஞ்சம் காற்று பட்டாலே செத்துவிடும் ரகம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கேப்சூலைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

வைட்டமின் கணக்கில் கொஞ்சம் மிகைப்படுத்தல் உண்டு. குடல் பாக்டீரியாக்கள் கே2, பயோட்டின், ஃபோலேட், பி12 எல்லாம் தயாரிப்பது உண்மை. ஆனால் பி12 பெரும்பாலும் பெருங்குடலில் தயாராகிறது. நம் உடல் அதை உறிஞ்சும் இடமோ சிறுகுடலின் கடைசிப் பகுதி, அதாவது அதற்கு மேலே. ஸ்டேஷனைத் தாண்டியபின் டிக்கெட் கிடைத்த கதைதான். அதனால்தான் சுத்த சைவக்காரர்களுக்கு வயிறு நிறைய பாக்டீரியா இருந்தும் பி12 குறைகிறது. கே2 விஷயத்தில் ஓரளவு உண்மையான பங்கு இருக்கிறது. ரத்தம் கட்டாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் ஆன்டிபயாடிக் எடுக்கும்போது ரத்தம் உறையும் நேரத்தை அடிக்கடி சோதிக்கச் சொல்வதற்கு அது ஒரு காரணம். மருந்தும் மருந்தும் மோதிக்கொள்வது அதைவிடப் பெரிய காரணம்.

மூன்றாவது வேலை காவல். நான் அதிகம் மதிப்பது இதைத்தான். 1950களில் எலிகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். சாதாரண எலிக்கு சால்மோனெல்லா தொற்ற சுமார் ஒரு லட்சம் கிருமிகள் தேவைப்பட்டன. ஸ்ட்ரெப்டோமைசின் கொடுத்துக் குடலைக் காலி செய்த எலிக்குப் பத்துக்கும் குறைவானவையே போதுமாக இருந்தன. காவல் பல வழிகளில் நடக்கிறது. இருக்கும் தீனியைப் பழைய குடிகளே தின்று தீர்ப்பது ஒன்று. காற்றில்லாமல் வைத்திருப்பது இன்னொன்று. மூன்றாவது பித்தநீர். கல்லீரல் அனுப்பும் பித்த அமிலத்தை க்ளாஸ்ட்ரிடியம் சிண்டென்ஸ் போன்ற சில இனங்கள் வேறு வடிவத்துக்கு மாற்றுகின்றன. மாற்றப்பட்ட அந்த வடிவம், கடும் பேதியை வரவைக்கும் டிஃபிசில் என்ற கிருமியை வளரவிடாது. மாறாத வடிவமோ அதன் விதைகளை முளைக்கவே வைக்கிறது. ஆன்டிபயாடிக் அந்தச் சில இனங்களை அழித்தால், உறங்கிக் கிடந்த விதைகள் எழுந்துவிடும்.

சரி, இப்போது போட்டிக்கு வருவோம்.

கேப்சூலில் இருப்பது என்ன? பெரும்பாலும் லாக்டோபேசில்லஸ், பைஃபிடோபாக்டீரியம், பேசில்லஸ் க்ளாசி, அல்லது சாக்கரோமைசிஸ் பவுலார்டி என்ற ஈஸ்ட். நான் மேலே சொன்ன பியூட்டிரேட் தயாரிப்பாளர்களோ, பித்த அமிலத்தை மாற்றுபவர்களோ இந்தப் பட்டியலில் இல்லை. காரணம் எளிது: காற்று பட்டால் சாகிறதை அட்டையில் அடைத்து மாதக்கணக்கில் அலமாரியில் வைக்க முடியாது. ஆகவே கேப்சூல் இழந்ததைத் திருப்பிக் கொடுப்பதில்லை, வேறு சிலரை அனுப்புகிறது.

இதைச் சோதித்தும் பார்த்துவிட்டார்கள். இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் எரன் எலினவ், எரன் செகல் குழுவினர் 2018இல் வெளியிட்ட ஆய்வில் 21 பேருக்கு ஏழு நாள் சிப்ரோஃப்ளாக்சசினும் மெட்ரோனிடசோலும் கொடுத்தார்கள். அப்புறம் மூன்று குழுவாகப் பிரித்தார்கள். 7 பேரை அப்படியே விட்டார்கள். 8 பேருக்கு 11 வகை பாக்டீரியா கலந்த கேப்சூலை நான்கு வாரம் கொடுத்தார்கள். மீதி 6 பேருக்கு, மருந்துக்கு முன்பே எடுத்து வைத்திருந்த அவரவர் மலத்தையே திருப்பிக் குடலுக்குள் செலுத்தினார்கள். மலத்தை மட்டும் சோதிக்காமல் குழாய் விட்டுக் குடல் சுவரிலிருந்தும் மாதிரி எடுத்துப் பார்த்தார்கள்.

முடிவு கடைக்காரருக்குப் பிடிக்காது. சொந்த மலம் பெற்றவர்கள் சில நாட்களிலேயே பழைய நிலைக்குத் திரும்பினார்கள். சும்மா விடப்பட்டவர்களுக்கு மூன்று வாரம் போல ஆனது. கேப்சூல் குழுவில், நிறுத்தி ஐந்து மாதம் ஆகியும் பழைய குடிகள் முழுதாகத் திரும்பவில்லை. கேப்சூலில் வந்தவை குடலில் இடம்பிடித்து உட்கார்ந்துவிட்டன. அதிலுள்ள லாக்டோபேசில்லஸ் சுரக்கும் பொருட்கள் பழைய இனங்களின் வளர்ச்சியைத் தடுத்ததை ஆய்வகத்திலும் கண்டார்கள். இருபத்தோரு பேர் என்பது சின்ன ஆய்வு, அதுவும் ஆரோக்கியமான பெரியவர்கள். ஆனாலும் சும்மா இருப்பது கேப்சூலை வென்றது என்பது என் கட்சிக்கு நல்ல செய்தி.

அங்கேயே நிறுத்தினால் கேப்சூலுக்கு அநியாயம் செய்தவன் ஆவேன். ஆன்டிபயாடிக் ஓடிக்கொண்டிருக்கும்போதே கூடவே கொடுத்தால் பேதி குறைகிறது. குழந்தைகள் மீது நடந்த 33 ஆய்வுகளைச் சேர்த்து 2019இல் பார்த்த காக்ரேன் அலசலில், ஆன்டிபயாடிக்கால் வரும் பேதி 19 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைந்திருந்தது. அதாவது, காவலாளி இல்லாத வேளையில் ஒரு தற்காலிகக் காவலாளி. பழைய குடிகளை மீட்பது வேறு வேலை, பேதியைத் தடுப்பது வேறு வேலை.

காலி வீட்டில் அது இன்னும் நன்றாக வேலை செய்யும். பிறந்த குழந்தையின் குடலில் திருப்பி அழைக்கப் பழைய குடிகளே கிடையாது. ஒடிசா கிராமங்களில் 4,500க்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகள் பங்கேற்ற சோதனையின் முடிவு 2017இல் வந்தது. லாக்டோபேசில்லஸ் பிளாண்டாரமை, அதற்குத் தீனியான ஒரு சர்க்கரையுடன் ஏழு நாள் கொடுத்ததில், ரத்தத் தொற்றோ இறப்போ 9 சதவீதத்திலிருந்து 5.4 சதவீதமாக இறங்கியது. அதே ரக பாக்டீரியா, இடம்தான் வேறு. (கடையில் வாங்கி வீட்டுக் குழந்தைக்குக் கொடுக்கச் சொல்லவில்லை. குறைப்பிரசவக் குழந்தைகளிடமும் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களிடமும் புரோபயாட்டிக்கே ரத்தத்தில் புகுந்த சம்பவங்கள் உண்டு.)

தயிர் கட்சிக்கு வருவோம். யோகர்ட்டுக்கான சர்வதேசத் தரத்தின்படி ஒரு கிராமில் குறைந்தது ஒரு கோடி உயிருள்ள பாக்டீரியா இருக்க வேண்டும். அப்படியானால் நூறு கிராம் கிண்ணத்தில் நூறு கோடி. எண்ணிக்கையில் கேப்சூலுக்கு அருகில் வந்துவிடுகிறது, விலையில் எங்கோ கீழே. வீட்டுத் தயிரில் எந்த இனம், எவ்வளவு என்பது உறையைப் பொறுத்தது, தினமும் மாறும். பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குத் தயிர் ஒத்துக்கொள்வதற்குக் காரணம், அதிலுள்ள பாக்டீரியாவே லாக்டோஸை உடைத்துத் தருவது. மோர்க்குழம்பில் கொதிக்கவிட்டால் எல்லாம் செத்துவிடும். இட்லியும் அப்படித்தான், மாவில் உயிர் இருந்தாலும் ஆவியில் முடிந்துவிடுகிறது. பழைய சோறு புளித்தபின் அடுப்பேறாததால் அக்காவின் கட்சிக்கு இங்கே ஒரு மதிப்பெண் கூடுதல்.

ஆனால் அம்மா விஷயத்தில் அப்பாவின் தயிரில் ஒரு சிக்கல் இருந்தது. சிப்ரோஃப்ளாக்சசின் தயிரிலுள்ள கால்சியத்தோடு ஒட்டிக்கொள்ளும், ரத்தத்தில் ஏறுவது குறையும். மாத்திரையும் தயிர்சாதமும் ஒரே நேரத்தில் என்றால் தொற்றே ஆறாமல் போகலாம். மாத்திரைக்கு இரண்டு மணி நேரமாவது கழித்துத்தான் தயிர் என்று வைத்துக்கொண்டோம். டாக்சிசைக்ளினுக்கும் ஓரளவு இதே கதை.

நார்ச்சத்து நான்காவது வேட்பாளர். புதிதாக யாரையும் அனுப்பாமல், பிழைத்திருப்பவர்களுக்குத் தீனி போடுவது. எனக்குப் பிடித்தது இதுதான், ஆனால் தேர்வில் அது முதல் மதிப்பெண் வாங்கவில்லை. ஸ்டான்ஃபோர்டில் 36 பேரைக் கொண்டு நடந்து 2021இல் வெளியான ஆய்வில், தயிர், கெஃபிர், கிம்ச்சி போன்ற புளித்த உணவைப் பத்து வாரம் நிறையச் சாப்பிட்டவர்களுக்குக் குடல் இனங்களின் வகை கூடியது. நார்ச்சத்தை ஏற்றியவர்களுக்கு அந்தக் காலத்தில் வகை கூடவில்லை. வியப்பு என்னவென்றால், புளித்த உணவுக்காரர்களிடம் கூடிய இனங்களில் சிலவே அந்த உணவிலிருந்து நேராக வந்தவை. தீனியை உடைக்கும் இனமே இல்லாத குடலில் தீனி மட்டும் போட்டுப் பயனில்லை என்பது ஒரு விளக்கம். பேதி நிற்கும் முன் சுண்டலை வாரி இறைத்தால் வாயுதான் மிஞ்சும்.

கடைசி வேட்பாளர் மல மாற்றம். முகம் சுளிக்கலாம், ஆனால் டிஃபிசில் திரும்பத் திரும்ப வரும் நோயாளிகளிடம் இதை மிஞ்ச ஆளில்லை. நெதர்லாந்தில் நடந்து 2013இல் வெளியான சோதனையில், ஆரோக்கியமானவரின் மலக் கரைசலை மூக்குக் குழாய் வழியே பெற்ற 16 பேரில் 13 பேர் முதல் தடவையிலேயே குணமானார்கள். வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக் மட்டும் பெற்ற 13 பேரில் 4 பேர்தான். பித்த அமிலத்தை மாற்றுபவர்கள் உட்பட மொத்தக் குடியும் ஒரேயடியாக வந்து இறங்குவதால் காவல் திரும்புகிறது. ஆபத்தும் உண்டு. மருந்துக்கு அடங்காத ஈ.கோலை கலந்த மலத்தால் ஒருவர் இறந்ததை 2019இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அறிவித்தது. சாதாரண வயிற்றுக் கலக்கத்துக்கு இது பேச்சே இல்லை.

அம்மாவுக்கு மாத்திரை முடியும் வரை மீதி இரண்டு நாளும் கேப்சூல், மாத்திரைக்கு இரண்டு மணி நேரம் தள்ளி. முடிந்ததும் அதை நிறுத்தினோம். பிறகு மதியம் தயிர், வாரத்தில் மூன்று நாள் காலையில் பழைய சோறு, ஒரு வாரம் கழித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீரையும் பயறும். ஒரு நாளில் மூன்று முறைக்கு மேல் நீராகப் போனாலோ, காய்ச்சலோ ரத்தமோ வந்தாலோ பேதி நிறுத்தும் மாத்திரையைப் போடாமல் டாக்டரிடம் போவது என்று முடிவு செய்திருந்தோம். டிஃபிசில், மருந்து முடிந்து சில வாரம் கழித்தும் தலைகாட்டும் என்பதால் அந்த விதி அடுத்த மாதம் வரை நீடிக்கிறது. அட்டையில் மிச்சமிருக்கும் கேப்சூல்கள் ஃப்ரிட்ஜ் கதவில் கிடக்கின்றன. அப்பா தினமும் அவற்றின் விலையைச் சொல்கிறார்.