அக்ரிமென்ட்டை ‘வரிக்கு வரி’ பார்த்துத் தர்றோம்னு சொல்ற ஆன்லைன் ஆளுங்ககிட்ட ஜாக்கிரதை: 1,68,000 ரூபாய் மாட்டிக்கிட்டு நிக்குது

கோபத்துல எழுதுறேன். எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்குங்க. பிழை பார்த்துத் தர்றேன்னு காசு வாங்கினவங்களைப் பத்தின பதிவுதான் இது. தனியா கன்சல்டன்ட் வேலை பார்க்கிறவங்க கையெழுத்துக்கு முன்னாடி என்னென்ன பார்க்கணும்னு கடைசியில சொல்றேன், அதுவரைக்கும் படிங்க.

நான் திருப்பூர்ல பனியன் கம்பெனிகளுக்குக் குவாலிட்டி கன்சல்டன்ட். ரொம்ப வருஷம் கம்பெனியில இருந்துட்டு இப்போ சொந்தமா பண்றேன். ஒரு ஏற்றுமதி கம்பெனியில வேலை வந்தது: அவங்க ரெண்டு யூனிட்டுக்குக் குவாலிட்டி மேனுவல், கட்டிங்ல இருந்து பேக்கிங் வரைக்கும் செக்கிங் ஃபார்மேட், லைன் செக்கர்களுக்கு ட்ரெயினிங். ஃபீஸ் 2,40,000. முப்பது சதவீதம் அட்வான்ஸ், அதாவது 72,000. ட்ராஃப்ட் மேனுவல் கொடுத்த ஏழு நாளுக்குள்ள நாப்பது சதவீதம். ஃபைனல் கொடுத்ததும் மீதி முப்பது. பேசினது இவ்வளவுதான், ரெண்டு பக்கமும் சந்தோஷமா ஒத்துக்கிட்டதுதான்.

அக்ரிமென்ட் அவங்க ஆபீஸ்ல இருந்து இங்கிலீஷ்ல வந்தது. வேற எதுக்கோ போட்ட பழைய அக்ரிமென்ட்டை வெட்டி ஒட்டியிருக்காங்கன்னு பார்த்தாலே தெரிஞ்சது, ஒரு இடத்துல வேற ஏதோ கம்பெனி பேரே மிச்சம் இருந்தது. அதனாலதான் காசு போனாலும் பரவாயில்லைன்னு ஒரு ஆன்லைன் சேவையில கொடுத்தேன். எந்தச் சேவைன்னு பேர் போடல, இது மாதிரி நிறைய இருக்கு. ‘ஒப்பந்தம், ஆவணம் திருத்தித் தரப்படும்’னு விளம்பரம் போடுற வகை.

போன்ல பேசின பொண்ணு சொன்னது இன்னும் காதுல இருக்கு. “சார், ஃப்ரீலான்ஸருக்கு நாலு விஷயம்தான் சார் உயிர். என்ன வேலை, எவ்வளவு காசு, காசு எப்போ, செஞ்ச வேலை யாருக்குச் சொந்தம். இந்த நாலையும் எங்க ஆளு தனித்தனியா ஒரு தடவை படிப்பார் சார்.” இதைக் கேட்டதுக்கப்புறம் எவனுக்குங்க நம்பிக்கை வராது? என் தொழில்ல நானே இப்படித்தான் பேசுவேன். 3,500 கட்டினேன். ஃபைல் திரும்பி வந்தப்போ பக்கத்துக்குப் பக்கம் சிவப்புக் குறி. கமா, பெரிய எழுத்து, இங்கிலீஷ் ‘the’ சேர்த்தது, ‘the’ எடுத்தது. கூடவே ‘சரிபார்க்கப்பட்டது’ன்னு ஒரு தாள். எல்லாத் திருத்தத்தையும் ஏத்துக்கிட்டு, ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம்.

இப்போ அந்த நாலு உயிரும் என்ன ஆச்சுன்னு வரிசையா கேளுங்க.

முதல்ல காசு. மூல ட்ராஃப்ட்ல 2,40,000-ன்னு எண்ணுல இருந்தது, பக்கத்துல எழுத்துல ‘டூ லேக் ஃபார்ட்டி தவுசண்ட்’. அந்த ஃபார்ட்டியில ஒரு ‘யு’ கூடுதலா விழுந்திருந்தது, அவ்வளவுதான் பிழை. நம்ம திருத்துற மகான் அந்த ‘யு’வை எடுக்கல. மொத்த வார்த்தையையும் ‘ஃபோர்ட்டீன்’னு மாத்தி வச்சிருக்கார்! எண்ணுல 2,40,000, எழுத்துல 2,14,000. எண்ணும் எழுத்தும் மோதினா எழுத்துல இருக்கிறதை எடுத்துக்கிறதுதான் வழக்கம், செக்குக்கு இது சட்டத்திலேயே இருக்கு. நேத்து கம்பெனி அக்கவுண்ட்ஸ்ல கேக்கிறாங்க, “சார், உங்க ஃபீஸே 2,14,000 தானே?”ன்னு. காசு வாங்கிட்டு இல்லாத பிழையை உண்டாக்கிக் கொடுத்திருக்காங்க.

அடுத்தது காசு எப்போன்றது. நான் பறிகொடுத்தது இங்கேதான், அதனால கொஞ்சம் நிதானமாவே சொல்றேன். அக்ரிமென்ட்டுக்குள்ள பேமென்ட் பிரிவுல, ட்ராஃப்ட் ‘சமர்ப்பித்த ஏழு நாளுக்குள்’னு நாங்க பேசின மாதிரியே இருக்கு. கடைசிப் பக்கத்து இணைப்புல ஒரு அட்டவணை. அதுல நாப்பது, முப்பதுன்னு மீதி ரெண்டு தவணைக்கும் நேரா, ‘பையரின் ஆடிட் முடிந்து ஏற்கப்பட்டதும்’னு இருக்கு. பையர்னா கம்பெனிகிட்ட சரக்கு வாங்குற வெளிநாட்டுக்காரன், ஆடிட்னா அவன் பக்கத்துல இருந்து யூனிட்டைச் சோதிக்கிறது. பழைய அக்ரிமென்ட்ல இருந்து அப்படியே வந்த வரி. ரெண்டும் முட்டுதே, எது செல்லும்? அதுக்கும் பொதுப் பிரிவுல ஒரு வரி இருக்கு: முரண்பாடு வந்தா இணைப்பே செல்லும். மூணும் மூணு வெவ்வேற பக்கத்துல. ஒவ்வொண்ணையும் தனியா படிச்சா இலக்கணம் சுத்தமா இருக்கும். மூணையும் சேர்த்துப் படிக்கிறதுக்குத்தானே இன்னொருத்தர் கண்ணுக்குக் காசு கொடுக்கிறோம்? அந்த அட்டவணையில அவங்க பண்ணின ஒரே திருத்தம், ‘ஆடிட்’ல முதல் எழுத்தைப் பெருசாக்கினது.

பையர் அந்த ஆடிட்டைத் தள்ளி வச்சுட்டான். அடுத்த சீசன்ல பார்க்கலாம்னு சொல்லிட்டானாம். நான் மேனுவல் கொடுத்தாச்சு, ட்ரெயினிங் முடிச்சாச்சு, செக்கர் பொண்ணுங்க என் ஃபார்மேட்லதான் தினமும் குறிச்சிக்கிட்டு இருக்காங்க. பணம் 1,68,000 மட்டும் யாரோ ஒரு வெளிநாட்டுக்காரன் எப்போ வருவான்னு காத்துக்கிட்டு நிக்குது. ‘ஏற்கப்பட்டதும்’னா யார் ஏத்துக்கணும், எத்தனை நாளுக்குள்ள, பதிலே சொல்லலைன்னா என்ன? எதுவும் இல்லை. ஒரு வார்த்தை கூட இல்லை.

வேலை எல்லை பத்தி ஒரே வரியில முடிச்சுடறேன். இணைப்புல ‘ரெண்டு யூனிட்’, உள்ளே ‘கம்பெனியின் அனைத்து யூனிட்டுகளும், அவர்கள் கேட்கும் பிற ஆவணங்களும்’. மூணாவது யூனிட்டுக்கும் எழுதிக் கொடுங்கன்னு இப்பவே ஆரம்பிச்சுட்டாங்க. (இங்க மட்டும் இணைப்புதான் செல்லும்னு அதே பொதுப் பிரிவைக் காட்டினா, “அது வேற சார்”ங்கறாங்க!)

வயிறு எரியுறது உரிமை விஷயத்துல. சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவர் வேலை நேரத்துல எழுதினா அது முதலாளிக்குச் சொந்தம். நம்மள மாதிரி தனியா செஞ்சு கொடுக்கிறவங்க எழுதினது நமக்குத்தான் சொந்தம், எழுத்து மூலமா கையெழுத்துப் போட்டு மாத்திக் கொடுக்கிற வரைக்கும். 1957 பதிப்புரிமைச் சட்டம் சொல்றது இது. அதனால ‘முழுப் பணமும் கிடைத்தபின் உரிமை மாறும்’னு ஒரு வரி இருந்திருந்தா, காசு வர்ற வரைக்கும் மேனுவலைத் தொடாதீங்கன்னு நான் சொல்லியிருக்கலாம். என் அக்ரிமென்ட்ல இருக்கிறது, ‘உருவாகும் கணத்திலேயே உரிமை கம்பெனிக்கு’. போதாததுக்கு ‘பயன்படுத்திய அனைத்துப் பொருட்களும் சேர்த்து’. அந்த ‘அனைத்தும்’ல என்னோட பழைய ஃபார்மேட்டும் போயிடுதுன்னு அவங்க வாதாடலாம். ஊசித்துண்டு ரெஜிஸ்டர்ல இருந்து அளவு எடுக்கிற ஷீட் வரைக்கும் நான் எத்தனையோ கம்பெனிக்குப் போட்டுக் கொடுத்த ஃபார்மேட் அதெல்லாம். ‘இந்த வேலைக்காகப் புதுசா எழுதியது மட்டும்’னு ஒரு வார்த்தை சேர்க்க எவ்வளவு நேரம் ஆகும்?

சரி, அந்தச் சேவைக்காரங்க என்ன சொன்னாங்கன்னு கேளுங்க. முதல்ல “செக் பண்ணிட்டுக் கூப்பிடறோம் சார்”. கூப்பிடல. நானே திரும்பக் கூப்பிட்டேன். “நாங்க லாங்குவேஜ் மட்டும்தான் சார் பார்ப்போம், சட்ட விஷயம் எங்க ஸ்கோப்ல வராது.” ஸ்கோப்பாம்! சட்டம் யாருங்க கேட்டா, ஒரே தவணைக்கு ரெண்டு பக்கத்துல ரெண்டு நாள் குறிச்சிருக்குன்னு சொல்ல வக்கீலா வேணும்? பில்லை எடுத்துப் பார்த்தா ‘மொழித் திருத்தச் சேவை’ன்னு மட்டும்தான் போட்டிருக்கு, போன்ல சொன்ன நாலுல ஒண்ணு கூட இல்லை. சரி, ஃபார்ட்டி எப்படி ஃபோர்ட்டீன் ஆச்சு, அது லாங்குவேஜ் தானேன்னு கேட்டேன். “நீங்க திருத்தத்தை அக்செப்ட் பண்ணிட்டீங்க சார், அப்போ டெலிவரி முடிஞ்சது.” 3,500-ஐயாவது திருப்பிக் கொடுங்கன்னா, அடுத்த ஆர்டருக்கு இருபது சதவீதம் தள்ளுபடி கூப்பன் அனுப்புறாங்க. அடுத்த ஆர்டராம். இன்னிக்குக் காலையில புகாரே ‘தீர்க்கப்பட்டது’ன்னு மாறிடுச்சு. 1,68,000 தீர்ந்துடுச்சு போல!

சேவைக்காரங்க மேல 1915-ல, தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன்ல, பதிஞ்சுட்டேன். கம்பெனி பணத்துக்கு என் ஆடிட்டர் ஒரு வழி சொன்னார். என்கிட்ட சிறுதொழில்களுக்கான உதயம் பதிவு இந்த அக்ரிமென்ட்டுக்கு முன்னாடியே இருக்கு. சிறு, குறு தொழில்களுக்கான 2006 சட்டப்படி, வேலை கொடுத்து 15 நாளுக்குள்ள எழுத்துல ஆட்சேபம் வரலைன்னா ஏத்துக்கிட்டதாத்தான் கணக்கு. அக்ரிமென்ட்ல என்ன எழுதியிருந்தாலும் 45 நாளுக்கு மேல பணத்தை இழுக்கக் கூடாது, இழுத்தா ரிசர்வ் வங்கி அறிவிக்கிற வங்கி வீதத்தைப் போல மூணு மடங்குக்குக் கூட்டு வட்டி. எங்கிட்ட யாரும் எழுத்துல ஒரு ஆட்சேபமும் சொல்லல. மேனுவல் அனுப்பின மெயில் தேதியோட இருக்கு. மாநிலத்துல இதுக்குன்னு இருக்கிற கவுன்சில்ல மனு போடுறதுக்குக் காகிதம் சேர்த்துக்கிட்டிருக்கேன். பையர் ஆடிட்டைக் காட்டி அவங்க அங்கேயும் இழுக்கத்தான் பார்ப்பாங்க.

என்ன பார்க்கணும்னு சொல்றேன்னேனே, கை நடுங்குது, சுருக்கமா சொல்றேன். பேமென்ட் வரியைப் படிச்சுட்டு, எதிர்ப் பக்கம் சும்மா கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்தா எனக்குக் காசு வருமான்னு கேளுங்க. வராதுன்னா ‘பத்து நாளுக்குள் எழுத்துமூலம் குறை சொல்லாவிட்டால் ஏற்றதாகக் கருதப்படும்’னு சேர்க்கச் சொல்லுங்க. தொகையும் தேதியும் எங்கெங்க வருதுன்னு தேடிப் பார்த்து, இணைப்போட ஒத்துப் பாருங்க, எழுத்துல இருக்கிற தொகையை வாய்விட்டுப் படிங்க. யாராவது திருத்தி அனுப்பினா அந்தச் சிவப்பை நம்பாம பழைய ஃபைலையும் புதுசையும் வேர்ட்ல கம்பேர் போட்டுப் பாருங்க. உரிமை முழுப் பணத்துக்கு அப்புறம்னே எழுதுங்க.

பிழை பார்க்கக் காசு கட்டுறதுக்கு முன்னாடி பில்லுல என்ன போடுவீங்கன்னு கேளுங்க. ‘மொழித் திருத்தம்’னு சொன்னா போனை வச்சுடுங்க.