இரட்டை வால்ட் கூரையும் அதன் நடுப் பள்ளமும்: ரிப்பேருக்குப் பின் எழுதுவது

புதுச்சேரியில் அரை வட்டமாக வளைந்த வால்ட் கூரை இரண்டை ஒட்டிப் போட்டுக் கட்டலாமா என்று நண்பர் கேட்டார். வளைவின் முதுகைப் பற்றிக் குறையே இல்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும் அங்கே தண்ணீர் நிற்காது. தொல்லை முழுக்க இரண்டு வளைவும் சேரும் பள்ளத்தில்தான்.

நான் ரிப்பேர் பார்த்த இரட்டைக் கூரையில் ஒவ்வொரு வளைவும் 12 அடி அகலம், 48 அடி நீளம். இரண்டிலும் பாதிப் பாதி நடுப் பள்ளத்துக்கே வடிகிறது. 5 செ.மீ. மழைக்கு ஏறத்தாழ 2,700 லிட்டர். கான்கிரீட்டை 24 அடி வீதம் இரண்டு முறையாகப் போட்டதால் நடுவில் ஒரு குறுக்கு ஜாயின்ட். வாட்டமும் சரியில்லை, தண்ணீர் அதன் மேலேயே நின்றது.

மேஸ்திரிகள் வருவார்கள், சிமென்ட் சாந்தை அப்பிவிட்டுப் போவார்கள். அடுத்த வெயிலிலேயே விரிசல். வேறெப்படி இருக்கும்? வெயிலுக்கும் திடீர் மழைக்கும் இடையே 30 டிகிரி மாறினால் 24 அடி கான்கிரீட் சுமார் 2 மி.மீ. நீண்டு சுருங்கும். சாந்து அரை மில்லிமீட்டர்கூட இழுபடாது. இதைச் சொன்னாலும் கேட்பதில்லை என்பதுதான் எரிச்சல்.

கடைசியில் தாக்குப்பிடித்த வேலை இது. ஜாயின்ட்டை கிரைண்டரால் 12 மி.மீ. அகலத்துக்கு வெட்டி, தூசி எடுத்து, அடியில் ஃபோம் கயிறு திணித்து, மேலே 6 மி.மீ. ஆழத்துக்கு பாலியூரித்தேன் சீலன்ட். கயிறு இல்லாவிட்டால் சீலன்ட் அடியிலும் ஒட்டிக்கொண்டு, நீள இடமில்லாமல் கிழியும். பிறகு ஜாயின்ட்டையே மேடாக வைத்து, இரு முனைக்கும் 3 அங்குல வாட்டம். வாட்டச் சாந்திலும் அதே இடத்தில் அதே இடைவெளி விட்டு சீலன்ட் அடைக்க வேண்டும். அதன்மேல் ஃபைபர் வலை வைத்து பாலியூரித்தேன் கோட்டிங், வளைவில் ஓரடி ஏறும்வரை. பள்ளத்துக்கு அக்ரிலிக் வேண்டாம். தண்ணீர் நின்றால் ஊறி உரியும்.

தளம் காய்ந்ததா என்பதற்கு, ஒரு பிளாஸ்டிக் தாளின் நாலு ஓரத்தையும் டேப்பால் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உள்ளே வேர்த்திருந்தால் கோட்டிங் கொப்பளிக்கும். சித்திரை வெயில்தான் இந்த வேலைக்குக் காலம். முடிந்ததும் பள்ளத்தில் இரண்டு நாள் தண்ணீர் கட்டிப் பார்த்துவிட்டே கூலியைத் தீர்க்க வேண்டும்.

வெப்பத்துக்கு முதுகில் உடைத்த வெள்ளை டைல்ஸ் பதித்தது எதிர்பாராத நன்மை. சின்னத் துண்டுகள் வளைவுக்கு அழகாகப் படிகின்றன. கூரை சூடேறுவது குறைய, ஜாயின்ட்டின் அசைவும் குறைகிறது. மழைக்காலப் பாசியைத் தேய்த்துக் கழுவாவிட்டால் இந்தப் பலன் போய்விடும்.

இப்போது ஒழுகவில்லை, மதியத்திலும் உள்ளே உட்கார முடிகிறது. ஆனாலும் நண்பருக்கு என் பதில்: ஒற்றை வால்ட் போடுங்கள், இரட்டை வேண்டாம். மீறிப் போட்டால் பள்ளத்தின் இரு முனையிலும் 4 அங்குலக் குழாய், அதற்கு 2 அங்குலம் மேலே உபரி நீர் போக இன்னொரு துளை. வேப்பஞ்சருகு அடைத்த குழாய்க்கு முன் எந்தக் கோட்டிங்கும் நிற்காது.