டேப்பில் முதலில் வரவேண்டியது: கடைப் பெயரா, பக்கப் பெயரா?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு விற்கும் ஒரு கடையின் இணையதளம் என்று வைத்துக்கொள்வோம். அளவு, விலை, பழுது என மூன்று பக்கங்கள். வாங்க வருபவர் மூன்றையும் தனித்தனி டேப்பில் திறந்து ஒப்பிட்டுப் பார்ப்பார். டேப்பில் தெரியும் பக்கத் தலைப்பை மூன்று விதமாக எழுதலாம்.

முதல் வழி, கடைப் பெயரை முன்னால் வைப்பது. பலரும் இதைத்தான் செய்கிறார்கள். டேப்புகள் நெருங்க நெருங்க பிரவுசர் தலைப்பின் வால் பகுதியை மறைக்கும். அப்போது மூன்று டேப்பிலும் ஒரே கடைப் பெயர்தான் தெரியும். எது விலைப் பக்கம் என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்க வேண்டும். கடை எது என்பதை டேப்பின் சின்னமே காட்டிவிடுகிறது, பெயர் அங்கே கூடுதலாக எதையும் சொல்வதில்லை. திரைவாசிப்பான் வைத்திருப்பவருக்கு இன்னும் சிரமம். டேப் மாறும்போதெல்லாம் கடைப் பெயரைக் கேட்டு முடித்த பிறகே பக்கத்தின் பெயர் காதில் விழும்.

இரண்டாவது, பக்கப் பெயர் மட்டும். டேப்பில் அருமையாக இருக்கும். புக்மார்க்கில்தான் இது தடுமாறும். சேமிக்கும்போது பிரவுசர் தலைப்பையே பெயராக எடுத்துக்கொள்கிறது. சில மாதம் கழித்து 'விலை' என்ற புக்மார்க்கைப் பார்த்தால் எதன் விலை, யார் கடை என்று விளங்காது.

மூன்றாவது, பக்கப் பெயர் முன்னால், கடைப் பெயர் கடைசியில். என் தேர்வு இதுதான். ஆனால் தமிழில் இது மட்டும் போதாது. நம் மொழியில் அடைமொழி முன்னால் வரும், முக்கியச் சொல் பின்னால் போய்விடும். 'வெள்ளிக் கொலுசு அளவு', 'வெள்ளிக் கொலுசு விலை', 'வெள்ளிக் கொலுசு பழுது' என்று இயல்பாக எழுதினால் கடைப் பெயரைக் கடைசிக்குத் தள்ளியும் பயனில்லை. மூன்றும் 'வெள்ளிக் கொ' என்றே நிற்கும். பிரவுசர் வெட்டுவது எழுத்து எண்ணிக்கையைப் பார்த்தல்ல, அகலத்தைப் பார்த்து. 'கொ' போல இருபுறமும் குறி ஏந்திய எழுத்துகள் இடத்தை வேகமாகத் தின்றுவிடும்.

அதனால் பக்கத்துக்குப் பக்கம் மாறுகிற சொல்லைப் பிடுங்கி முன்னால் நட வேண்டும்:

```html
<title>அளவு – வெள்ளிக் கொலுசு | கடைப் பெயர்</title>
<title>விலை – வெள்ளிக் கொலுசு | கடைப் பெயர்</title>
<title>பழுது – வெள்ளிக் கொலுசு | கடைப் பெயர்</title>
```

எல்லாப் பக்கத்துக்கும் இந்தத் திருப்பம் தேவைப்படாது. 'குழந்தைக் கொலுசு', 'கல்யாணக் கொலுசு' என்ற இரண்டு பக்கங்களில் மாறும் சொல் ஏற்கெனவே முன்னால் நிற்கிறது, அப்படியே விடலாம்.

சோதிக்க, தளத்தின் பக்கங்களோடு வேறு பல டேப்புகளையும் சேர்த்துத் திறந்து, தட்டாமலே எது எந்தப் பக்கம் என்று சொல்ல முடிகிறதா பாருங்கள். இதைத் தளம் தொடங்கும்போதே செய்துவிடுவது நல்லது. பின்னால் தலைப்பைத் திருத்தினாலும், வாடிக்கையாளர் முன்பே சேமித்த புக்மார்க்கில் பழைய பெயரே இருக்கும்.